நனைந்தது எத்தனை மீட்டர்? வெள்ளச் சேத அறிக்கை எழுதும் முறை

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டின் முன்னறையில் நான்கு ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்கிறேன். பள்ளிச் சீருடைதான் முக்கிய வேலை. மூன்று நாளைக்கு முன் வெள்ளம் புகுந்து முழங்காலுக்கு மேல் நின்றது. கீழ் அடுக்கில் இருந்த துணியை எல்லாம் இழுத்துக் குவித்துவிட்டோம். சுவரோரம் நிறுத்திவைத்த ரோல்கள் அப்படியே நிற்கின்றன. வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்த துணியும் நனைந்துவிட்டது. தொழிலுக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன். பொருள்வாரியாகச் சேத அறிக்கையும் புகைப்படப் பட்டியலும் தரச் சொல்கிறார்கள். போனில் இருநூறு படங்களுக்கு மேல் இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது, எப்படி எழுதுவது?

பதில்: வணக்கம் அம்மா. பேனாவை எடுப்பதற்கு முன் அந்தக் குவியலைப் பிரியுங்கள். ஈரத் துணியில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், உங்களுக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது காப்பீடு எடுத்தவரின் கடமை என்று அநேகமாக எல்லா பாலிசியிலும் எழுதியிருக்கும். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று நினைத்து அப்படியே விட்டு, துணி முழுக்க மக்கிப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பிரித்து உலர்த்தலாம், தூக்கித்தான் எறியக்கூடாது. "நனைந்த சரக்கைப் பிரித்து உலர்த்துகிறோம், எதையும் அப்புறப்படுத்தவில்லை" என்று இரண்டு வரி நிறுவனத்துக்கு இன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அந்த அறையின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். எந்த மோட்டாரையும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள்.

குவியலைப் பிரிக்கும் முன்பு ஒரு படம், பிரித்த பிறகு ஒரு படம் எடுங்கள். இரண்டாவது படம்தான் உங்களுக்குப் பணம் வாங்கித் தரப்போவது. பல ஆண்டுகள் சர்வேயராக வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், குவியலின் படத்தில் யாராலும் எதையும் எண்ண முடியாது. ஒருமுறை ஒருவர் ஆளுயரத்துக்குக் கிடந்த ஈரத் துணியைப் பன்னிரண்டு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினார். பார்த்தால் மனம் பதறும். ஆனால் அதில் 40 ரோல் இருக்கிறதா 70 இருக்கிறதா என்று சொல்ல வழியே இல்லை. நாற்றம் தாங்காமல் மறுநாளே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர் 70 என்றார், என்னால் 40க்கு மேல் எழுத முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் என் நம்பிக்கை. நம்பிக்கையை வைத்து அறிக்கையில் ஒரு வரிகூட எழுத முடியாது என்பதுதான் அந்த வேலையின் வலி.

அதனால் ரோல்களைப் பத்துப் பத்தாக வரிசையில் கிடத்துங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரிசை எண் எழுதிய அட்டை ஒன்று வையுங்கள். ஒரே படத்தில் பத்தும் தெரிய வேண்டும். துணிதான் உங்கள் இழப்பில் பெரும் பங்கு என்று நினைக்கிறேன், ஆகவே நேரத்தையும் அதற்கே அதிகம் கொடுங்கள்.

அடுத்தது தண்ணீர்க் கோடு. சுவரில் கறை படிந்து ஒரு கோடு தெரியும், கதவிலும் தெரியும். சுவரைக் கழுவுவதற்கு முன் அளவு டேப்பைத் தரையிலிருந்து நேராக நிறுத்தி மூன்று படம் எடுங்கள். ஒன்றில் டேப்பின் பூஜ்யம் தரையைத் தொடுவது தெரிய வேண்டும். இன்னொன்றில் கோடு இருக்கும் இடத்தின் எண் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். மூன்றாவது சற்று விலகி நின்று டேப், சுவர், பக்கத்தில் இருக்கும் பொருள் எல்லாம் ஒன்றாகத் தெரிவது. அறையின் எதிர்ச்சுவரிலும் இதையே செய்யுங்கள். தரை சாய்ந்திருந்தால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது, அது தப்பில்லை, இரண்டையும் எழுதுங்கள்.

இந்தக் கோட்டுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சர்வேயர் உங்கள் பட்டியலை வாசிக்கும்போது ஒவ்வொரு பொருளையும் மனதுக்குள் அந்தக் கோட்டோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். உங்கள் அளவுகள் எனக்குத் தெரியாது, ஒரு பேச்சுக்கு 56 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தையல் மேசையின் பலகை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஊசியும் சக்கரமும் உள்ள மெஷினின் தலைப்பகுதி அதற்கு மேலே. ஆக, தலைக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் மோட்டார் பலகைக்கு அடியில் தொங்குகிறது. அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 48 சென்டிமீட்டர் என்றால் 8 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. மிதியும் கம்பி இணைப்பும் முழுக்க மூழ்கின, மேசைக் கால்கள் 56 சென்டிமீட்டர் வரை மூழ்கின.

இப்போது அறிக்கையில் "தையல் மெஷின் 1, முழுச் சேதம்" என்று எழுதினால் என்ன ஆகும்? சர்வேயர் வந்து சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பார், அது சுற்றும். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் பட்டியலின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். அதற்குப் பதிலாக, ஒரே மெஷினை மூன்று வரியாகப் பிரியுங்கள். மோட்டார், தண்ணீர் புகுந்தது, மெக்கானிக்கின் கருத்துப்படி மாற்ற வேண்டும். மிதியும் கம்பிகளும், மாற்ற வேண்டும். தலைப்பகுதி, தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, தற்போது சேதம் தெரியவில்லை. மெக்கானிக்கை வரவழைத்து, அவர் பார்த்ததை அவருடைய கடை லெட்டர்பேடில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினில் தட்டையாக ஒரு சிறு தகடு அடித்திருப்பார்கள், அதில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும். அதைத் துடைத்து, எண் படிக்கும்படி நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். மோட்டாருக்கும் அதே மாதிரி தனித் தகடு உண்டு.

சரி, துணிக்கு வருவோம். நிறுத்தி வைத்த ரோல்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். சுவரில் கோடு 56இல் இருந்தால், ரோலில் ஈரக்கறை அதற்கும் மேலே, 64 சென்டிமீட்டர் வரைகூட ஏறியிருக்கும். திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல நூல் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். தெரியாதவர் பார்த்தால் "சுவரில் 56, துணியில் 64, எங்கேயோ இடிக்கிறதே" என்பார். ஆகவே ரோலின் பக்கத்தில் டேப்பை நிறுத்தி, சுவர்க் கோடும் துணிக் கறையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, குறிப்பில் "நூல் வழியாக 8 செ.மீ. ஈரம் ஏறியுள்ளது" என்று எழுதிவிடுங்கள். கேள்வி வருவதற்கு முன்பே பதில் இருக்கும்.

துணியின் அளவை எப்படி நிரூபிப்பது? கண்ணால் எண்ணியது ஒரு கணக்கு, புத்தகத்தில் வருவது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். உதாரண எண்களோடு சொல்கிறேன். கடைசியாகச் சரக்கு எண்ணிய நாளில் 400 மீட்டர் இருந்தது. அதற்குப் பிறகு வாங்கிய பில்களைக் கூட்டினால் 650 மீட்டர். தைத்துக் கொடுத்த உடுப்புகளை ஆர்டர் நோட்டிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு துணி போகும் என்று பெருக்கினால் 720 மீட்டர் செலவாகியிருக்கிறது. அப்படியானால் வெள்ளத்துக்கு முந்தைய நாள் 330 மீட்டர் இருந்திருக்க வேண்டும். இப்போது வரிசையில் கிடத்தி அளந்தால் நனைந்தது 240 மீட்டர், மேல் அடுக்கில் நனையாமல் இருப்பது 85 மீட்டர், ஆக 325. ஐந்து மீட்டர் குறைகிறது. அதைச் சரிக்கட்ட எங்கேயாவது ஐந்தைச் சேர்த்துவிடாதீர்கள். "வெட்டுத் துண்டுகளில் கழிந்தது 5 மீ." என்று உள்ளதை எழுதுங்கள். 1,050 மீட்டர் புழங்கிய இடத்தில் ஐந்து மீட்டர் வித்தியாசம் இயல்பானது. கணக்கு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆர்டர் நோட்டே நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கங்களைப் பிய்க்காதீர்கள். நிழலில் உலரவிட்டு, பிரிகிற பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். பில்களின் நகலைத் துணி வாங்கிய கடைகளில் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய கணக்கில் இருக்கும்.

இனி மதிப்பு. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கையிருப்புத் துணிக்கு நீங்கள் கேட்கக்கூடியது பொதுவாக அடக்கவிலைதான். தைத்து விற்றால் வந்திருக்கும் தொகையை எழுதக்கூடாது. மீட்டருக்கு அடக்கவிலை 100 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றே. நனைந்த 240 மீட்டரில் கீழ் அடுக்கில் படுத்துக்கிடந்த 150 மீட்டர் முழுக்க மூழ்கியது. சாயம் ஒன்றுக்கொன்று இறங்கி, அழுக்கு நீர் ஊறியது. அதற்கு முழு அடக்கவிலை, 15,000. மீதி 90 மீட்டர் நிறுத்திவைத்த ரோல்கள். அகலம் 150 சென்டிமீட்டர், அதில் கீழ் 64 போய்விட்டது, மேலே 86 உலர்ந்திருக்கிறது. கறைக்கு மேல் கொஞ்சம் தள்ளி நீளவாக்கில் வெட்டினால் காலர், பைக்குத் துண்டாகும், ஆனால் முழு அகலத் துணியின் விலை அதற்குக் கிடைக்காது. அந்த மிச்சத்துக்கு மதிப்பு 40 சதவீதம் என்று ஒப்புக்கொண்டால், மீட்டருக்கு இழப்பு 60, ஆக 5,400. மொத்தம் 20,400.

அந்த 40 சதவீதத்தை நீங்களாகவே எழுதிக்கொடுப்பதுதான் நல்லது. மிச்சத்துக்கு விலையே இல்லை என்று எழுதினால் சர்வேயர் தானாக ஒரு எண்ணைப் போடுவார், அது 60 ஆகவும் இருக்கலாம். உங்களுக்கு இந்தத் துணி தெரியும், என்ன ஆகும் என்ன ஆகாது என்று சொல்லத் தகுதியானவர் நீங்கள். ஒன்று மட்டும், புகுந்தது சாக்கடை கலந்த தண்ணீர் என்றாலோ, பூஞ்சை உலர்ந்த பகுதிக்கும் ஏறியிருந்தாலோ, அது குழந்தைகள் உடுத்தும் துணிக்கு ஆகாது. அப்போது அந்த 90 மீட்டரும் முழு இழப்புப் பக்கம் போகிறது. காரணத்தை எழுதி, பூஞ்சைப் புள்ளிகளை நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

நனையாத 85 மீட்டரையும் பட்டியலில் காட்ட வேண்டும். "சேதமாகாததை ஏன் சொல்ல வேண்டும்" என்று கேட்பீர்கள். பல பாலிசிகளில் ஒரு விதி இருக்கும். சரக்கின் உண்மையான மதிப்பைவிடக் குறைவான தொகைக்கு காப்பீடு எடுத்திருந்தால், இழப்பிலும் அதே விகிதத்தில்தான் தருவார்கள். நம் கணக்கில் வெள்ளத்துக்கு முன் 325 மீட்டர், 32,500 மதிப்பு. பாலிசியில் சரக்குக்கு 26,000 தான் என்றால் அது ஐந்தில் நான்கு பங்கு. 20,400 இழப்புக்கு 16,320 தான் வரும். அதிலிருந்து நீங்கள் தாங்க வேண்டிய தொடக்கத் தொகை ஒன்று பாலிசியில் சொல்லியிருந்தால் அதையும் கழிப்பார்கள். இந்த விதிக்குப் பயந்து மேல் அடுக்குத் துணியை மறைத்துவைப்பவர்கள் உண்டு. அறையின் படத்திலேயே அந்த அடுக்கு தெரியும். மறைத்தது வெளியே வந்தால் குறைவது விகிதம் மட்டுமல்ல, க்ளெய்ம் முழுவதையும் மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

மோட்டாருக்குக் கணக்கு வேறு மாதிரி. உங்கள் பாலிசி எந்த அடிப்படையில் தருகிறது என்று முதலில் பாருங்கள். பழையதின் அன்றைய மதிப்பைத் தரும் பாலிசி ஒன்று, புதிது வாங்கும் விலையைத் தரும் பாலிசி இன்னொன்று. அதே மாதிரி மோட்டார் இன்றைக்கு 8,000, ஆயுள் பத்து ஆண்டு, வாங்கி நான்கு ஆண்டு ஆகிறது என்றால் முதல் வகையில் தேய்மானம் போக 4,800. இரண்டாவது வகையில் 8,000, ஆனால் பெரும்பாலும் நீங்கள் வாங்கிப் பில் காட்டிய பிறகுதான் முழுத் தொகை வரும். பழைய வகை மோட்டாருக்குப் பதிலாக விலை கூடிய நவீன மோட்டாராக மாற்றினால், கூடுதல் வசதிக்கான பணம் உங்கள் கையிலிருந்துதான். தொகையை எழுதும்போது அது எந்த அடிப்படையில் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

வாடிக்கையாளர்களின் துணியை உங்கள் துணியோடு சேர்க்காதீர்கள். அது பிறர் பொருள், உங்கள் பொறுப்பில் இருந்தது. சில பாலிசிகளில் அதற்குத் தனியாக இடம் உண்டு, சிலவற்றில் இல்லவே இல்லை. இருக்கிறதா என்பது பாலிசி அட்டவணையில் தெரிந்துவிடும். எதுவானாலும் தனித் தாளில் எழுதுங்கள்: ரசீது எண், தேதி, என்ன துணி, எத்தனை மீட்டர், வேலை எந்த நிலையில் இருந்தது. வெட்டாத துணியா, வெட்டியதா, பாதி தைத்ததா என்பது முக்கியம். தைத்து முடிக்காத வேலைக்கான கூலி துணியின் விலையாகாது, அதற்கு இடம் இருந்தால் தனி வரியில்தான் வரும். துணி வாங்கிய விலையை அந்தந்த வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவர்களுக்குச் செய்தியை இப்போதே சொல்லிவிடுங்கள், க்ளெய்ம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரசீதுகளைப் படம் எடுக்கும்போது அவர்களுடைய போன் எண், முகவரியை ஒரு தாளால் மூடிக்கொள்ளுங்கள்.

வீடும் தொழிலும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதால் இன்னொரு பிரிவினையும் தேவை. சுவர்ப் பூச்சு, கதவு, தரை எல்லாம் கட்டடம். உங்கள் கட்டிலும் பீரோவும் வீட்டுப் பொருள். இவற்றுக்கு வேறு பாலிசி இருந்தால் அங்கே கேளுங்கள், இந்த அறிக்கையில் நுழைக்க வேண்டாம். இரண்டுக்கும் பயன்படும் பொருளை, உதாரணமாக ஒரு கணினியை, ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் எழுதி "வீட்டுக்கும் பயன்பட்டது" என்று குறிப்பிடுங்கள். ஒரே பொருள் இரண்டு க்ளெய்மில் தெரியாமல் வந்துவிட்டால்கூட அது ஏமாற்றும் முயற்சிபோலத் தெரியும். தையல் நின்றதால் போன வருமானம் தனிக் காப்பு, எடுத்திருந்தால் மட்டும் கேட்கலாம், அதுவும் வேறு தாளில்.

இனி படங்கள். இருநூறும் இருக்கட்டும், ஒன்றையும் அழிக்காதீர்கள். எடுத்த கோப்புகளை அப்படியே வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி, நேரம் போன்ற விவரமும் உதிர்ந்துவிடும். மின்னஞ்சலில் இணைப்பாகவோ, பென் டிரைவிலோ கொடுங்கள். வெளிச்சம் கூட்டுவதுகூட வேண்டாம், இருட்டாக இருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பொருள் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது.

அனுப்புவதற்கு நாற்பது படம் போதும். வெளியிலிருந்து வீடு, வாசல், பிறகு அறையின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, பிறகு தண்ணீர்க் கோடு, அப்புறம் பொருள்கள். ஒரு பொருளுக்கு மூன்று படம்: அறையில் அது எங்கே இருக்கிறது என்று காட்டுவது, முழுப் பொருள், சேதத்தின் நெருக்கம். நடுப்படத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். துருப்பிடித்த ஒரு திருகின் அழகான நெருக்கப் படம் வரும், ஆனால் அது எந்த மெஷினின் திருகு என்று தெரியாது.

பட்டியல் இப்படி இருந்தால் போதும். பொருள்களுக்கு இயந்திரம் என்றால் இ, சரக்கு என்றால் ச, பிறர் பொருள் என்றால் பி, படங்களுக்கு ப.

ப-7. முன்னறை, கிழக்குச் சுவர். டேப்பில் தண்ணீர்க் கோடு 56 செ.மீ. எல்லாப் பொருளுக்கும் பொது.
ப-12. முன்னறை, வாசலிலிருந்து. தையல் மேசை நிற்கும் இடம். இ-1, இ-2, இ-3.
ப-14. மோட்டார், கீழிருந்து. டேப்பில் அடிப்பாகம் 48 செ.மீ. இ-1.
ப-15. மோட்டார்த் தகடு, வரிசை எண். இ-1.
ப-22. சரக்கு வரிசை 2, பத்து ரோல்கள், கீழ் அடுக்கிலிருந்து எடுத்தவை. ச-2.
ப-27. நிறுத்திய ரோல், சுவர்க் கோடும் துணிக் கறையும். ச-4.

ஒவ்வொரு வரிக்கும் எடுத்த தேதியும் நேரமும், எடுத்தவர் யார் என்பதும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரும் அதே எண்ணாக இருக்கட்டும். இந்தப் பக்கம் பொருள் பட்டியலிலும் ஒரு கட்டம் விட்டு, இ-1க்கு நேராக "ப-12, ப-14, ப-15, பில் 3, மெக்கானிக் குறிப்பு" என்று எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, பட்டியலில் ஏதாவது ஒரு வரியைச் சொல்லி அதற்கான படத்தையும் பில்லையும் எடுக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் எடுக்க முடியவில்லை என்றால் அந்த வரியைச் சரிசெய்யுங்கள். படமே இல்லாத பொருள் இருந்தால் வரியை விட வேண்டாம். "படம் இல்லை, பில் 9 மட்டும்" என்று எழுதுங்கள். வெள்ளத்துக்கு முன் வேறு எதற்கோ எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள். அறையில் யாரையாவது நிற்கவைத்து எடுத்த படத்தில் பின்னால் ரோல்கள் நிற்கும். அது உங்களிடம் உள்ள சிறந்த சாட்சிகளில் ஒன்றாக இருக்கலாம்.

அறிக்கையின் முன்பக்கத்தில் நடந்ததை அரைப் பக்கம் எழுதுங்கள். தண்ணீர் எப்போது, எந்த வழியாக வந்தது, எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம் நின்றது, எப்போது வடிந்தது, நீங்கள் எதை மேலே தூக்கி வைத்தீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வெளியிலிருந்து புகுந்த வெள்ளமும், வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வழியாகப் பொங்கி வந்ததும் சில பாலிசிகளில் வேறு வேறு விதிக்குள் வரும். வாசல் வழியாக வந்ததைப் பார்த்தீர்கள் என்றால் "வாசல் வழியாக" என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு சொல் பின்னால் உங்களுக்கே எதிராக நிற்கக்கூடும்.

நாற்றம் தாங்க முடியாத துணியை வைத்திருக்க முடியாது என்பது புரிகிறது. அப்புறப்படுத்த அனுமதி கேட்டு எழுதுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். அதன் பிறகும் ஒவ்வொரு ரோலிலிருந்தும் கையகலத் துண்டு ஒன்றை வெட்டி, உலர்த்தி, வரிசை எண் எழுதிய சீட்டோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். எல்லா ரோல்களின் துண்டுகளும் ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும்.

சர்வேயர் வரும் நாளில் பொருள்கள் பட்டியலின் வரிசைப்படியே அறையில் இருக்கட்டும். இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, அவர் பார்த்த வரிகளில் டிக் போட்டுக் கையெழுத்தும் தேதியும் கேளுங்கள். அன்றைக்குக் குறிப்பாக ஒரு வரியை மறக்காமல் காட்டுங்கள், அதாவது சேதம் தெரியவில்லை என்று நீங்கள் எழுதிய மெஷின் தலைப்பகுதி. தண்ணீர் தொடவில்லை என்றாலும் ஈரக் காற்றில் பல நாள் நின்ற இரும்பு அது, இரண்டு மூன்று வாரம் கழித்து உள்ளே துரு தலைகாட்டலாம். "பிறகு தெரியவரும் சேதத்துக்கு உட்பட்டது" என்று அந்த வரியின் கடைசியில் இப்போதே எழுதி வைத்தால், அப்போது அந்த வரியிலேயே தொடர்ந்து எழுத இடம் இருக்கும். இன்றைக்கே அதைத் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.